மதியம் தொடங்கும் ஷிப்ட் மாலையில் ஏன் தொடங்க மறுக்கிறது?

சுங்கை சிப்புட் டவுனில் உணவு கொண்டு சேர்க்கும் வேலை செய்பவர்கள் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஷிப்ட் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே ஒரு தேநீர்க் கடை முன்னால் மோட்டார்களை வரிசையாக நிறுத்திவிடுவோம். அந்த நேரத்தில்தான் யாராவது ஒருவர் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, "அண்ணா, பொத்தான் வேலை செய்யவில்லை" என்பார். முன்பு ஒரு கைப்பேசிக் கடையில் இரண்டு ஆண்டுகள் நின்றவன் என்பதால் இந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது. தே தாரிக் ஆறிப்போவதுதான் மிச்சம்.

என் தாத்தா காலத்தில் விடியற்காலைப் பெரட்டுக்குத் தாமதமாகப் போனால் அன்றைக்குப் பெயர் விழாது. வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். இன்று பெரட்டுக் களம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. கெஞ்சிப் பார்க்கக் கிராணியும் இல்லை. ஆறு மணி ஷிப்டை ஆறு மணிக்குத் தொடங்காவிட்டால் அது தாமதம்; இன்னும் சில நிமிடங்கள் போனால் ஷிப்டே வேறொருவருக்குப் போய்விடும். ஆகவே இங்கே எழுதுவதை ஷிப்ட் இல்லாத நாளில், நிதானமாக, ஒருமுறை செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை தானாக விளங்கும். தொடங்கும் பொத்தானை அழுத்துவது விளக்கின் சுவிட்சைப் போடுவது போன்றதன்று. அழுத்தியதும் செயலி கைப்பேசியிடம் வரிசையாகச் சில கேள்விகள் கேட்கிறது. இவர் எங்கே நிற்கிறார்? திரை அணைந்த பிறகும் நான் விழித்திருக்கலாமா? இவர் இருக்கும் இடத்தை நிறுவனத்தின் கணினிக்கு நான் தொடர்ந்து அனுப்பலாமா? இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லும் காவல்காரர்கள் கைப்பேசிக்குள் இரண்டு பேர். ஒருவர் மின்கலத்தைக் காப்பவர். மற்றவர் அனுமதிகளைக் காப்பவர். இருவரில் ஒருவர் கைவிரித்தாலும் ஷிப்ட் தொடங்காது, அல்லது தொடங்கியபின் பத்து நிமிடத்தில் செத்துவிடும். யார் கைவிரித்தார் என்பதைத் திரையில் வரும் செய்தியைவிட, பிழை எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்பதே தெளிவாகச் சொல்லும்.

இன்னொன்று. உதவி கேட்டு எழுதினால் வரும் முதல் பதில், செயலியை அழித்துவிட்டு மறுபடி நிறுவச் சொல்வதாகவே இருக்கும். அதை உடனே செய்யாதீர்கள். அழித்தால் நீங்கள் கொடுத்த எல்லா அனுமதிகளும் போய்விடும். கடவுச்சொல்லும் குறுஞ்செய்தி எண்ணும் மறுபடி தேவைப்படும். சிலருக்கு அதனால் சரியாவதும் உண்டு. அனுமதிக் கேள்விகள் புதிதாக வந்து, இம்முறை சரியான விடையை அழுத்தியிருப்பார்கள். ஆனால் எது பிழை என்று தெரியாமலே சரியானது, அதே போலத் தெரியாமலே திரும்பி வரும்.

கீழே திரையில் வரும் பெயர்களை ஆங்கிலத்திலேயே தருகிறேன். கைப்பேசியை மலாயில் வைத்திருப்பவர்கள் "Tetapan", "Bateri", "Lokasi", "Kebenaran" ஆகிய சொற்களைத் தேடினால் அதே இடத்துக்கு வந்துவிடலாம்.

மதியம் தொடங்குகிறது, மாலையில் தொடங்குவதில்லை

லிந்தாங் பக்கத்திலிருந்து வரும் ஒரு தம்பியின் கதை இது. பதினொரு மணி ஷிப்ட் அவருக்கு ஒருநாளும் தவறியதில்லை. மாலை ஆறு மணி ஷிப்ட் மட்டும் வாரத்தில் மூன்று நான்கு நாள் விழுந்துவிடும். இணையம் சரியில்லை என்று முடிவு செய்து சிம் அட்டையை மாற்றினார். பிறகு செயலியை இரண்டு முறை அழித்து நிறுவினார். அவரே சொன்ன ஒரு செய்தி வழியைக் காட்டியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு மதிய ஷிப்ட் கிடையாது, மாலை மட்டும்தான். அன்றைக்கு மாலை ஷிப்ட் ஒழுங்காகத் தொடங்கிவிடும்.

மதியம் ஓடாத நாளில் மாலையில் வேலை செய்கிறது என்றால் சிம் அட்டையின் மேல் குற்றமில்லை. மதியம் ஓடிய நாளுக்கும் ஓடாத நாளுக்கும் வேறுபாடு மின்கலத்தின் அளவுதான். மாலை 5.50க்கு அவர் கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன்: 27 விழுக்காடு. மேலிருந்து விரலால் இழுத்தால் வரும் பலகையில் "Battery Saver" எரிந்துகொண்டிருந்தது. தான் அதை ஒருநாளும் தொட்டதில்லை என்று அவர் சத்தியம் செய்தார். பொய்யில்லை. "Settings" திறந்து, "Battery", அதற்குள் "Battery Saver", அதன் கால அட்டவணைப் பகுதியைப் பார்த்தால், 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதும் தானாக இயங்கும்படி முன்பு எப்போதோ வைத்த குறி அப்படியே இருந்தது. மதிய ஷிப்ட் முடியும்போது மின்கலம் அந்தக் கோட்டை நெருங்கிவிடும். மாலைக்குள் கோட்டைத் தாண்டிவிடும்.

மின்சேமிப்பு இயங்கும்போது என்ன நடக்கிறது? பின்னணியில் கிடக்கும் செயலிகளுக்கு இணையத்தை ஆண்ட்ராய்டு நிறுத்திவிடுகிறது. பல கைப்பேசிகளில், திரை அணைந்ததும் இடம் காட்டும் சேவையும் நின்றுவிடும் அல்லது மந்தமாகிவிடும். எவ்வளவு கடுமை என்பதைத் தயாரித்த நிறுவனமே முடிவு செய்கிறது. அதனால்தான் ஒரே செயலி, ஒரே மின்சேமிப்பு, பக்கத்தில் நிற்பவருக்கு வேலை செய்கிறது, உங்களுக்குச் செய்வதில்லை.

அந்தத் தம்பியின் பழக்கமும் இதில் சேர்ந்துகொண்டது. தோட்டத்து வீட்டிலிருந்து புறப்பட்டு, டவுன் எல்லைக்குள் நுழைந்ததும் சாலையோரம் நிறுத்திப் பொத்தானை அழுத்துவார். சக்கரம் சுழலத் தொடங்கும். அது முடியும்வரை காத்திருக்காமல் திரையை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓட்டத் தொடங்குவார். திரை அணைந்த அந்த நொடியில் செயலி பின்னணிக்குத் தள்ளப்பட்டது. இணையம் போனது, இடமும் போனது. கடைக்கு வந்து பார்த்தால் ஷிப்ட் தவறியதாகச் செய்தி நிற்கும்.

சோதனையை இப்படிச் செய்தோம். முதலில் மின்சேமிப்பை மட்டும் அணைத்தோம்; வேறு எதையும் தொடவில்லை. பொத்தானை அழுத்தினார், ஷிப்ட் தொடங்கியது. பிறகு அந்த அட்டவணையில் "No schedule" என்று மாற்றினோம். இது முக்கியம். பலகையில் மட்டும் அணைத்தால் போதாது. நாளை மாலை மின்கலம் 30க்குக் கீழே போகும்போது அது மறுபடி தானே விழித்துக்கொள்ளும்.

கதை அத்தோடு முடியவில்லை. அன்று ஆறு மணிக்குத் தொடங்கிய ஷிப்ட், ஆறே காலுக்கு நின்றுவிட்டது. பிழை ஒன்றுதான் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லையே.

தொடங்குகிறது, ஆனால் பையில் போட்ட சிறிது நேரத்தில் நின்றுவிடுகிறது

இந்த அறிகுறிக்கு ஒரு சோதனை உண்டு. கைப்பேசியை மேசைமேல் வைத்து, செயலியைத் திறந்தபடி, திரை அணையாமல் பதினைந்து நிமிடம் பாருங்கள். அதன்பின் திரையை அணைத்து இன்னொரு பதினைந்து நிமிடம் பாருங்கள். திரை எரியும்போது நிலைத்து, அணைந்ததும் விழுந்தால், செயலியிலும் இணையத்திலும் குறையில்லை. கைப்பேசி அதைத் தூங்க வைக்கிறது. இரண்டிலும் விழுந்தால் இந்தப் பகுதியை விட்டுவிட்டுக் கீழே போகலாம்.

தூங்க வைக்கும் அமைப்புகள் இரண்டு இடங்களில் இருக்கின்றன. இரண்டையும் பார்க்க வேண்டும்.

முதல் இடம், அந்தச் செயலிக்கே உரிய மின்கல அமைப்பு. செயலியின் படத்தை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால் "App info" வரும். அதற்குள் "Battery". அங்கே பெரும்பாலும் மூன்று தேர்வுகள் இருக்கும்: "Unrestricted", "Optimized", "Restricted". எதுவும் மாற்றாமல் விட்டால் நடுவில் உள்ளதுதான் இருக்கும். அதாவது, வேண்டும்போது விழித்திருக்க விடுகிறேன், தேவையில்லை என்று எனக்குத் தோன்றினால் தூங்க வைப்பேன் என்று பொருள். கைப்பேசிக்கு என்ன தோன்றும் என்பதை நம்பிச் சோற்றுக்கு வழி தேட முடியாது. வேலைச் செயலி ஒன்றுக்கு மட்டும் "Unrestricted" கொடுங்கள். ஒன்றுக்கு மட்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒருவர் ஆர்வக் கோளாறில் எல்லாச் செயலிகளுக்கும் அதைக் கொடுத்துவிட்டு, மின்கலம் மூன்று மணிக்கே தீர்ந்துவிடுகிறது என்று மறுநாள் வந்து நின்றார்.

இரண்டாம் இடம், கைப்பேசியைச் செய்த நிறுவனம் ஆண்ட்ராய்டுக்கு மேலே போட்ட தன் சொந்தப் பூட்டு. இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சாம்சங்கில் "Battery" பக்கத்துக்குள் "Background usage limits" என்று ஒன்று உண்டு. அதற்குள் தூங்கும் செயலிகள், ஆழ்ந்து தூங்கும் செயலிகள் என்ற பட்டியல்கள் இருக்கும். உங்கள் செயலி அவற்றில் இருந்தால் நீக்கிவிட்டு, ஒருபோதும் தூங்காதவை என்ற பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஷாவ்மி, ரெட்மி வைத்திருப்பவர்கள் "App info" பக்கத்தில் "Autostart" சுவிட்சை இயக்க வேண்டும். அதே பக்கத்தில் "Battery saver" என்பதற்குள் "No restrictions" தேர்ந்தெடுக்க வேண்டும். ஒப்போ, ரியல்மியில் செயலியின் மின்கலப் பக்கத்தில் பின்னணியில் இயங்கவும் தானாகத் தொடங்கவும் அனுமதிக்கும் சுவிட்சுகள் இருக்கின்றன. ஹுவாவெயில் "App launch" என்ற பகுதிக்குப் போய், தானாக நிர்வகிப்பதை அணைத்தால் மூன்று சுவிட்சுகள் தோன்றும், மூன்றையும் இயக்குங்கள். கைப்பேசியின் மென்பொருள் பதிப்பு மாறினால் இந்தப் பெயர்களும் இடம் மாறும். "Settings" பக்கத்தின் உச்சியில் உள்ள தேடல் பெட்டியில் "background" அல்லது "autostart" என்று தட்டினால் பெரும்பாலும் நேரே கொண்டுபோய் விட்டுவிடும்.

பழக்கத்தால் வரும் சாவு ஒன்றும் உண்டு. கைப்பேசி மெதுவாகிறது என்று அண்மையில் திறந்த செயலிகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் மூடும் பழக்கம் நம் ஆட்களிடம் பரவலாக இருக்கிறது. ஷிப்ட் ஓடும்போது அதைச் செய்தால், சில தயாரிப்புகளில் வேலைச் செயலியும் சேர்ந்தே கொல்லப்படும். ஷாவ்மி போன்ற கைப்பேசிகளில் அந்த வரிசையில் செயலியின் அட்டையை அழுத்திப் பிடித்தால் பூட்டுப் படம் வரும். அதைப் போட்டுவிட்டால் மொத்தமாக மூடும்போதும் அது தப்பிக்கும்.

அந்தத் தம்பியின் கைப்பேசிக்குத் திரும்புவோம். அது நிறுவனத்தின் தனிப்பூட்டு எதுவும் இல்லாத எளிய ஆண்ட்ராய்டு. "Optimized" என்று இருந்ததை "Unrestricted" ஆக்கினோம். மறுநாள் ஆறே காலைத் தாண்டியது. ஆனால் ஏழு மணிக்கு மேல் ஒருமுறை, அவர் வரைபடத்தைத் திறந்து வழி பார்த்துக்கொண்டிருந்தபோது, உங்கள் இடம் தெரியவில்லை என்று வேலைச் செயலி எச்சரித்தது. இப்போது முதல் காவல்காரர் வழிவிட்டுவிட்டார், தடுப்பது இரண்டாமவர்.

உங்கள் இடம் தெரியவில்லை என்கிறது

இட அனுமதியில் ஆண்ட்ராய்டு 10 முதல் இரண்டு படிகள் உண்டு: "Allow only while using the app", "Allow all the time". முதலாவதைக் கொடுத்தால் செயலி திரையில் இருக்கும்போது இடம் தெரியும். திரையில் இல்லாவிட்டாலும், தான் இயங்குகிறேன் என்று ஓர் அறிவிப்பை மேலே தொங்கவிட்டபடி அது ஓடிக்கொண்டிருந்தால் அப்போதும் தெரியும். ஆனால் அந்த ஓட்டம் இடையில் ஒருமுறை அறுந்து, செயலி பின்னணியில் இருந்தபடியே தன்னை மறுபடி எழுப்பிக்கொண்டால், இடம் கேட்கும் உரிமை அதற்கு இல்லை. ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடிவிட்டு நடுவில் திடீரென்று கண்ணிழந்து நிற்பதற்கு இதுவே வழக்கமான காரணம். வேலைச் செயலி கேட்டால் "Allow all the time" கொடுத்துவிடலாம்.

அதைக் கொடுப்பதற்கு ஒரு சுற்றுவழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு 11 வந்த பிறகு, தானாகத் தோன்றும் கேள்விப் பெட்டியில் இந்தத் தேர்வே காட்டப்படுவதில்லை. "App info", "Permissions", "Location" என்று நீங்களே போய்த்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பெட்டியில் வரவில்லையே என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஷிப்ட் முடிந்த பிறகும் நிறுவனம் நம்மைப் பின்தொடருமே என்று ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. ஷிப்ட் முடிந்ததும் செயலியிலிருந்து வெளியேறிவிடுங்கள் என்றேன். அதுவும் போதாது என்று தோன்றினால், ஓய்வு நாளில் "App info" பக்கத்தில் "Force stop" அழுத்துங்கள். நீங்களாகத் திறக்கும்வரை அது எழாது. அதைச் செய்த நாளில் அடுத்த ஷிப்டுக்குக் கால் மணி முன்பே திறந்து பார்க்க மறக்கக் கூடாது.

தம்பியின் கைப்பேசியில் இந்த மூன்றாவது மாற்றத்தைச் செய்த பிறகு, அந்த வாரம் முழுவதும் மாலை ஷிப்ட் விழவில்லை. மூன்றையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் எந்த மாற்றம் எதைச் சரிசெய்தது என்று தெரிந்ததால், அடுத்து வந்த நான்கு பேருக்கு அறிகுறியைக் கேட்டே இடத்தைச் சொல்ல முடிந்தது.

டவுன் நடுவில் நின்றாலும் எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொல்கிறது

இங்கே அனுமதி இருக்கிறது, இடமும் போகிறது. தவறான இடம் போகிறது. ஆண்ட்ராய்டு 12இலிருந்து இட அனுமதிப் பெட்டியில் இரண்டு வட்டப் படங்கள் வரும்: "Precise", "Approximate". கைபோன போக்கில் இரண்டாவதை அழுத்திவிட்டால், செயலிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 3 சதுர கிலோமீட்டர் பரப்பில் எங்கோ ஒரு புள்ளி. கோலாலம்பூரில் இது பெரிதாகத் தெரியாமல் போகலாம். நம் டவுன் எவ்வளவு பெரியது? அந்தப் பரப்புக்குள் கடைத்தெரு முழுவதும் அடங்கி, மிச்சத்துக்குச் செம்பனை மரங்களும் வந்துவிடும். நீங்கள் தேநீர்க் கடையில் நிற்க, செயலியின் கணக்கில் நீங்கள் தோட்டத்துக்குள் நிற்கிறீர்கள்.

சரிசெய்வது எளிது: அதே "Location" அனுமதிப் பக்கத்தின் கீழே "Use precise location" என்ற சுவிட்சை இயக்குங்கள். ஐயம் இருந்தால் வரைபடச் செயலியைத் திறந்து ஒப்பிடுங்கள். நீலப் புள்ளி அங்கே சரியாக நின்று, வேலைச் செயலியில் மட்டும் தள்ளி நின்றால், இந்தச் சுவிட்சுதான். வரைபடத்திலும் புள்ளி அலைந்தால் அனுமதியைக் குறை சொல்ல வேண்டாம். கைப்பேசிக்கே இடம் தெரியவில்லை.

அப்படித் தெரியாமல் போவது தோட்டத்து வீடுகளில் புறப்படுகிறவர்களுக்கு அடிக்கடி நேரும். செயற்கைக்கோள்கள் தங்கள் பாதை விவரத்தை மிக மெதுவாக ஒலிபரப்புகின்றன. ஒரு முழுச் சுற்றுக்கு 30 நொடி ஆகும். இணையம் நன்றாக இருந்தால் கைப்பேசி அந்த விவரத்தை இணையத்திலேயே எடுத்துக்கொண்டு சில நொடிகளில் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். கோபுரச் சமிக்ஞை ஒற்றைக் கோடாக இருக்கும் தோட்டத்தில் அந்த உதவி கிடைக்காது. அடர்ந்த செம்பனை மட்டைகள் வானத்தையும் மறைத்துவிடும். தகரக் கூரைக்கு அடியில் நின்றுகொண்டு பொத்தானைப் பத்து முறை அழுத்திப் பயனில்லை. வானம் தெரியும் சாலைக்கு வந்து, வரைபடத்தைத் திறந்து, நீலப் புள்ளியைச் சுற்றியுள்ள வெளிறிய வட்டம் சுருங்கும்வரை ஒரு நிமிடம் நில்லுங்கள், பிறகு அழுத்துங்கள். "Settings", "Location" பக்கத்துக்குள் "Location Accuracy" இயங்குகிறதா என்றும் பாருங்கள். சுற்றியுள்ள வைஃபைகளையும் கோபுரங்களையும் வைத்து இடத்தைத் திருத்துவது அதுதான். டவுனில் மிகவும் உதவும். வைஃபை இல்லாத தோட்டத்தில் குறைவாகவே உதவும்.

அனுமதி வேண்டும் என்கிறது, ஆனால் கேள்விப் பெட்டி வருவதே இல்லை

அவசரத்தில் இரண்டு முறை "Don't allow" அழுத்தியிருப்பீர்கள். ஆண்ட்ராய்டு 11 முதல், ஒரே அனுமதியை இரண்டு முறை மறுத்தால் இனிக் கேட்காதே என்று கைப்பேசி எடுத்துக்கொள்கிறது. செயலி கேட்டுக்கொண்டேதான் இருக்கும், பெட்டி வராது. பார்ப்பவருக்குப் பொத்தான் செத்துக் கிடப்பது போலத் தோன்றும். "App info", "Permissions" பக்கத்தில் மறுக்கப்பட்டவை தனியாக அடுக்கப்பட்டிருக்கும். இடம், கேமரா, அறிவிப்பு என ஒவ்வொன்றாகத் திறந்து அனுமதியுங்கள். "Ask every time" என்று இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும் ஒரு கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மூன்று நான்கு மாதம் சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர், போகும்முன் எல்லாம் சரியாக இருந்தது, நான் எதையும் தொடவில்லை என்றார். அவர் தொடவில்லை, கைப்பேசி தொட்டிருக்கிறது. சில மாதங்கள் திறக்காத செயலியின் அனுமதிகளை ஆண்ட்ராய்டு தானே பறித்துவிடும். "App info" பக்கத்தின் அடியில் "Pause app activity if unused" என்று ஒரு சுவிட்ச் இருக்கும். புதிய பதிப்புகளில் அதன் பெயர் "Manage app if unused". அதை அணைத்தால் அடுத்த பயணத்துக்குப் பிறகு இந்தத் தொல்லை இருக்காது.

முகப்படம் எடுக்கும் இடத்தில் திரை கறுப்பாக நிற்கிறது

கேமரா அனுமதி கொடுத்திருந்தும் இப்படி வந்தால், மேலிருந்து இழுக்கும் பலகையில் "Camera access" என்ற சதுரத்தைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 12இல் வந்தது. ஒரு தட்டில் எல்லாச் செயலிகளுக்கும் கேமராவை மூடிவிடும். கைப்பேசியைப் பிள்ளைகளிடம் கொடுத்து வாங்கியவர்களுக்கே இது பெரும்பாலும் நேர்கிறது.

ஷிப்ட் ஓடுகிறது, ஆனால் ஆர்டர் வந்த ஓசையே இல்லை

ஆண்ட்ராய்டு 13இலிருந்து அறிவிப்புக்கும் தனி அனுமதி வேண்டும். மறுத்திருந்தாலும் ஷிப்ட் ஓடும்; செயலி பின்னணியில் இயங்குவதும் நிற்காது. ஆனால் இயங்குகிறேன் என்ற அந்தத் தொங்கும் அறிவிப்பு மேல் பலகையில் தெரியாது. ஆர்டர் ஓசையும் வராது. வேலை இல்லை என்று நினைத்து உட்கார்ந்திருப்போம், செயலியோ நாம் ஏற்க மறுத்ததாக எண்ணிக்கொண்டிருக்கும். "Data Saver" இயங்கினாலும் பின்னணியில் ஆர்டர் தாமதமாகும். செயலியின் மொபைல் டேட்டா பக்கத்தில் அதற்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு

எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர்தான், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். மின்கலப் படம் மஞ்சளாக இருந்தால் "Low Power Mode" இயங்குகிறது. அப்போது "Background App Refresh" நின்றுவிடும். 20 விழுக்காட்டில் அதை இயக்கட்டுமா என்று கைப்பேசி கேட்கும். நடுச்சாலையில் கை தவறி ஒப்புக்கொள்வது அப்போதுதான். மின்னூட்டும்போது 80 விழுக்காட்டை எட்டினால் அது தானாக அணையும். அதுவரை காத்திராமல் "Settings", "Battery" போய் அணைத்துவிடுங்கள். இட அனுமதி "Privacy & Security", "Location Services" பக்கத்தில் இருக்கிறது. செயலியின் பெயரைத் தட்டி "Always" தேர்ந்தெடுத்து, கீழே "Precise Location" இயங்குவதையும் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் தொடங்கவில்லை

நேரத்தைப் பாருங்கள். கைப்பேசிக் கடிகாரம் சில நிமிடம் பிசகியிருந்தாலும் ஷிப்ட் நேரம் ஆகவில்லை என்று சில செயலிகள் மறுக்கும். "Date & time" பக்கத்தில் தானாக நேரம் எடுக்கும் சுவிட்சை இயக்கினால் போதும்.

இனி மின்கலத்தைப் பற்றியும் உள்ளதைச் சொல்ல வேண்டும். மின்சேமிப்பை அணைத்து, செயலிக்கு முழு உரிமையும் கொடுத்தால் மின்கலம் முன்பைவிட வேகமாக இறங்கும். மாலை ஷிப்டுக்கு 27 விழுக்காட்டோடு போய் நிற்பவர் எட்டு மணிக்குக் கைப்பேசி அணைந்து நிற்பார். ஒரு பிழையைத் தீர்த்து இன்னொன்றை வாங்கியதுதான் மிச்சம். இரண்டு ஷிப்டுக்கும் நடுவே வீட்டுக்குப் போகிறவர் அங்கே மின்னூட்டிக்கொள்ளட்டும். போகாதவருக்குப் பவர் பேங்க் வேண்டும், அல்லது மோட்டாரின் கைப்பிடியில் யூஎஸ்பி இணைப்பு வேண்டும். அந்தத் தம்பி இப்போது தேநீர்க் கடையின் சுவரில் உள்ள ஒரே பிளக்குக்காக ஐந்தரைக்கே வந்து உட்கார்ந்துவிடுகிறார். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். முன்பு அது என் இடம்.

கடைசியாக ஒரு சோதனை, ஆனால் இதையே முதலில் செய்யும் வழக்கம் இருந்தால் பல நாள் மேற்சொன்ன எதுவுமே தேவைப்படாது. பக்கத்தில் நிற்பவரின் கைப்பேசியில் அதே ஷிப்ட் தொடங்குகிறதா என்று கேளுங்கள். வெவ்வேறு தயாரிப்புக் கைப்பேசிகள் மூன்றிலும் ஒரே நேரத்தில் தொடங்காவிட்டால் கோளாறு நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. எந்த அமைப்பையும் தொடாதீர்கள். பிழைச் செய்தியும் மேலே உள்ள கடிகாரமும் மின்கல அளவும் ஒன்றாகத் தெரியும்படி திரையைப் படம் பிடியுங்கள். இடம் சரியாக இருந்ததற்கு வரைபடத்தையும் ஒரு படம் எடுங்கள். ஷிப்ட் நேரம் முடிவதற்குள் இரண்டையும் உதவிப் பக்கத்தில் அனுப்பிவிடுங்கள். மறுநாள் அனுப்பிய படத்துக்கு எங்களில் ஒருவருக்கும் இதுவரை தாமதக் குறி நீக்கப்பட்டதில்லை.